பழைய பேராசிரியருக்கு ஒரு கடிதம்: அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்

கடைசி_வரிசை

இறுதியாண்டு மாணவன். கல்லூரி வளாகத்துக்குள் பாடக்குறிப்புகளை அச்சிட்டு விற்பது, கூடவே எழுதுபொருள்களும் வைப்பது என்று ஒரு யோசனை. இரண்டாமாண்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் இப்போது வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடியவர். அவரிடம் கருத்துக் கேட்கலாம் என்று கீழ்க்கண்ட கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்களிடம் படித்த மாணவர்களில் நானும் ஒருவன். தங்கள் வகுப்புகள் என் வாழ்வில் ஏற்படுத்திய தாக்கத்தைச் சொல்ல வார்த்தைகள் இல்லை. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.
>
> நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறு தொழில் தொடங்க எண்ணியிருக்கிறோம். தேர்வுக்கு முன் மாணவர்கள் குறிப்புகளுக்காக அலைவது தாங்கள் அறிந்ததே. நல்ல குறிப்புகளைத் தொகுத்து, அழகாக அச்சிட்டு, பைண்டிங் செய்து நியாயமான விலையில் கொடுக்கப்போகிறோம். பேனா, நோட்டு, வரைபடத்தாள் போன்றவற்றையும் அதே இடத்தில் வைப்போம். மாணவர்களிடம் கருத்துக் கேட்டதில் 110 பேர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் 100 பிரதிகள் போட இருக்கிறோம். தாங்கள் எடுத்த பாடத்தின் குறிப்புகளையே முதல் வெளியீடாகக் கொண்டுவர ஆசை.
>
> இந்த முயற்சி பற்றித் தங்கள் மேலான, உண்மையான கருத்தை அறிய விரும்புகிறோம். தங்கள் ஆசியும் வேண்டும்.
>
> தங்கள் அன்பு மாணவன்

சுருக்கம்

கடிதத்தில் பதிவு எண், படித்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற விவரம் எதுவும் இல்லையே. பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது இவற்றையும் கடைசித் தேதியையும் போடாவிட்டால் ஆசிரியர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கடைசி_வரிசை

பரிந்துரைக் கடிதம் இல்லை, அண்ணா. ஒரு தொழில் யோசனைக்குக் கருத்துக் கேட்கிறேன்.

பழைய_ஆசிரியர்

நீண்ட காலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கும் வந்திருக்கின்றன. பெறுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தம்பி.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பேராசிரியருக்குத் தோன்றுவது இதுதான்: பையன் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டான், 100 பிரதிக்குக் கணக்கும் போட்டுவிட்டான், இப்போது ஆசி கேட்கிறான். ஆசி கேட்டு வருகிறவனிடம் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? “நல்ல முயற்சி, வாழ்த்துகள், படிப்பையும் கவனித்துக்கொள்” என்று மூன்று வரியில் பதில் வரும். முகத்துக்கு நேரே குறை சொல்பவர் என்கிறீர்கள். கேள்வியே இல்லாத இடத்தில் அவராலும் எதைச் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கடிதத்தில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. கருத்துக் கேட்கிறீர்கள். ஆசி கேட்கிறீர்கள். நடுவில் ஒரு வாக்கியத்தில், அவருடைய பாடத்தையே அச்சிட்டு விற்கப்போவதாகப் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். மூன்றாவது உண்மையில் அனுமதிக் கோரிக்கை. அதைக் கண்டதும் அவர் வழிகாட்டியாக இல்லாமல் உரிமைக்காரராக யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு அவர் சொல்லும் எந்தக் கருத்தும் யோசனையைப் பற்றியதா, தன் பாடத்தைப் பற்றியதா என்று உங்களுக்குத் தெரியாது.

கடிதத்தைத் திருத்தும் முன் எனக்குச் சிலவற்றுக்குப் பதில் வேண்டும். குறிப்புகளை எழுதியது யார்? 110 பேர் “வாங்குவோம்” என்று எப்படிச் சொன்னார்கள்? விற்பனை எந்த வாரத்தில் நடக்கும், அந்த வாரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?

கடைசி_வரிசை

குறிப்புகள் எங்கள் வகுப்புத் தோழி எழுதியவை. அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். வகுப்பில் எல்லோரும் அதைத்தான் நகல் எடுப்போம். 110 என்பது இணையப் படிவம் ஒன்றில் “ஆம்” என்று குறித்தவர்களின் எண்ணிக்கை. இரண்டாமாண்டில் இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து 180 பேர். விற்பனை தேர்வுக்கு முந்தைய வாரம். அந்த வாரத்தில் எங்களுக்கும் தேர்வுதான், ஐயா.

பழைய_ஆசிரியர்

கடைசி வரியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

தாள்_மை

நகல் கடை நடத்துகிறேன். தேர்வுக் காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எனவே எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால் பங்காகச் சொல்கிறேன். எத்தனை பக்கம்? என்ன விலை வைக்கப்போகிறீர்கள்?

கடைசி_வரிசை

140 பக்கம், இருபுறமும் அச்சு, ஸ்பைரல் பைண்டிங். விலையைப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால், அச்சுக்கு ஐந்து, பைண்டிங்குக்கு ஒன்று. கைக்கு நான்கு நிற்கும்.

தாள்_மை

சரி. 100 பிரதி போட்டால் 600 பங்கு முதலில் கையை விட்டுப் போகும். 60 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். 61-வது பிரதியிலிருந்துதான் லாபம் என்று ஒன்று இருக்கிறது. படிவத்தில் குறி போட்ட 110 பேரில் 60 பேர் உண்மையாகவே பணத்தை எடுத்துக் கொடுத்தால் நீங்கள் ஒரு வாரம் உழைத்துச் சம்பாதித்தது சுழியம்.

மிச்சமாகும் பிரதிக்கு மதிப்பு என்ன? ஒன்றுமில்லை. தேர்வு முடிந்த மறுநாள் அது எடைக்குப் போடும் தாள். அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறாமல் இருந்தால் விற்கலாம் என்பீர்கள். அதற்குள் நீங்கள் படிப்பை முடித்துக் கிளம்பியிருப்பீர்கள்.

ஆகவே ஒவ்வொரு பிரதியையும் தனியாக நிறுத்திக் கேளுங்கள். இந்தக் கடைசிப் பிரதி விற்றால் 4 பங்கு வரும், விற்காவிட்டால் 6 பங்கு போகும். நூற்றுக்கு அறுபதுக்கு மேல் விற்கும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே அதை அச்சிடலாம். அப்படிப் பார்த்தால் “எவ்வளவு விற்கும்” என்று நீங்கள் நடுநிலையாக மதிப்பிடுகிறீர்களோ, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போட வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தீர்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில் கூடுதலாகப் போடுகிறார்கள்.

அந்தப் பயமும் தேவையில்லை. உங்கள் கணக்குப்படி 20 பிரதி மறு அச்சு என்றால் 2800 பக்கம். நிமிடத்துக்கு 60 பக்கம் தள்ளும் இயந்திரத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நேரத்தைத் தின்பது பைண்டிங்தான். 70 தாள், ஒரு தடவைக்குப் பதினைந்து தாள் துளையிட்டால் ஒரு பிரதிக்கு ஐந்து தடவை கைப்பிடியை அழுத்த வேண்டும். பிறகு அட்டை, சுருள் கோத்தல், முனை மடித்தல். இருந்தாலும் ஒரே மாலையில் முடியும் வேலைதான். மாலைக்குள் மறு அச்சு எடுக்க முடிகிற பொருளை முன்கூட்டியே நூறு போட்டு அடுக்கி வைப்பானேன்?

கடைசி_வரிசை

மொத்தமாகப் போட்டால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னாரே, அண்ணா?

தாள்_மை

நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தகடு செய்து அச்சிடும் ஆப்செட்டில் எண்ணிக்கை கூடினால் ஒரு பிரதியின் செலவு சட்டென்று இறங்கும், அங்கே தகடுச் செலவு எல்லாப் பிரதிகளுக்கும் பங்காகிறது. நகல் இயந்திரத்தில் முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் மை, தாள் செலவு ஒன்றுதான். தருகிற தள்ளுபடி எங்கள் லாபத்திலிருந்து கிள்ளிக் கொடுப்பது. ஆறு பங்கு ஐந்தரை ஆகலாம். அப்போதும் 55 பிரதி விற்க வேண்டும்.

நேர்வழி

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உரிமையைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்விக்காக நகல் எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகல் கடை மீது பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. 2016-இல் வந்த தீர்ப்பு. எனவே தாராளமாக அச்சிடலாம்.

வாதி_பிரதிவாதி

பாதி சரி. அந்தப் பாதியை நம்பி மீதிப் பாதியில் விழுவதைத்தான் நான் அலுவலகத்தில் நாள்தோறும் பார்க்கிறேன்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. அதே ஆண்டு மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடத்துக்குத் தேவையான அளவுதான் நகலெடுக்கப்பட்டதா என்பதை விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பாளர்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அங்கே நகலெடுக்கப்பட்டவை ஆசிரியர்கள் பாடத்துக்கென்று குறித்துக் கொடுத்த புத்தகப் பகுதிகள். கற்பித்தலின் ஒரு பகுதி என்பதுதான் வாதமே. அமெரிக்காவில் இதே போன்ற பாடத்தொகுப்புகளை விற்ற நகல் கடைகள் 1991-இலும் 1996-இலும் தோற்றன. லாபத்துக்கு விற்றார்கள் என்பது அங்கே பெரிய காரணமாக இருந்தது. ஆக, எந்த நாட்டில் இருக்கிறீர்கள், யார் தொகுத்தார்கள், யார் விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இந்த மாணவரின் பிரச்சினையோ அதுகூட இல்லை. இவர் விற்கப்போவது புத்தகப் பகுதி அல்ல. தோழி எழுதிய குறிப்பு. அதில் மூன்று பேருடைய பங்கு கலந்திருக்கிறது. தோழி தன் சொற்களில் எழுதியதும் தொகுத்ததும் அவளுடையவை. பேராசிரியர் சொல்லச் சொல்ல வரிக்கு வரி எழுதியது, அவர் திரையில் காட்டிய படங்கள், அவரே உருவாக்கிய கணக்குகள் ஆகியவை அவருடையவை, அல்லது பணி ஒப்பந்தத்தைப் பொறுத்துக் கல்லூரியுடையவை. பாடநூலிலிருந்து எடுத்த வரைபடம் பதிப்பகத்துடையது. கருத்துக்கும் சூத்திரத்துக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் உரிமை. எங்கும் பதிவு செய்திருக்கவும் தேவையில்லை. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

நான் சந்தித்தால் முதலில் கேட்பது: தோழியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா? அவளுக்கு என்ன கிடைக்கும்? கடிதத்தில் “நானும் நண்பர்கள் இருவரும்” என்கிறீர்கள். அந்த இருவரில் அவள் இருக்கிறாளா?

கடைசி_வரிசை

இல்லை, அக்கா. ஆனால் அவள் மறுக்க மாட்டாள். எப்போதும் கேட்டவர்களுக்கெல்லாம் நோட்டைக் கொடுத்துவிடுவாள்.

வாதி_பிரதிவாதி

இலவசமாகக் கொடுப்பதும் உங்களுக்கு விற்கக் கொடுப்பதும் ஒன்றா? சரக்கு அவளுடையது, நீங்கள் கடை வைக்கிறீர்கள். பேராசிரியருக்கு எழுதும் முன் அவளுக்கு எழுதுங்கள்.

நேர்வழி

நடைமுறையில் எந்தக் கல்லூரியிலும் இதற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. தேவையில்லாமல் பையனைப் பயமுறுத்துகிறீர்கள்.

வாதி_பிரதிவாதி

வழக்கு வராது என்பதை ஏற்கிறேன். துறைத் தலைவர் அழைத்து நிறுத்தச் சொல்லலாம் அல்லவா? அச்சிட்ட பிறகு நிறுத்தச் சொன்னால் 600 பங்கும் போயிற்று.

மழைத்துளி

எங்கள் துறையில் இரண்டு சீனியர்கள் இதையே செய்தார்கள். நான் அப்போது முதலாமாண்டு. அவர்களுக்காக மேசையில் உட்கார்ந்து விற்றவள் என்பதால் சில விஷயங்கள் தெரியும்.

முதல் நாள் காலை நன்றாகப் போனது. மதியத்துக்குள் யாரோ ஒருவன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். அதோடு விற்பனை பாதியாகிவிடும் என்று சீனியர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் நிற்கவில்லை. படம் கிடைத்தவர்களிலும் சிலர் வந்து வாங்கினார்கள். ஏனென்று கேட்டேன். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தால் கண் வலிக்கிறது, பென்சிலால் அடிக்கோடு போட முடியவில்லை என்றார்கள். உள்ளடக்கத்துக்காக வந்தவர்கள் படத்தோடு போய்விட்டார்கள். தாள் வேண்டும் என்றவர்கள் மட்டும் காசு கொடுத்தார்கள். அந்தக் கூட்டம் சிறியது, ஆனால் உறுதியானது.

அந்தத் தாளும் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மூலத்தைக் கைபேசியில் எடுத்துத்தான் அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். நோட்டு விரியும் நடுப்பகுதியில் விழுந்த நிழல், நகலில் கருப்புப் பட்டையாக வந்துவிட்டது. பென்சிலில் போட்ட படங்கள் மங்கிக் காணாமல் போயின. வெளிர்நீல மையில் எழுதிய துணைத்தலைப்புகளில் பாதி விழவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இடது ஓரத்தில் போதிய இடம் விடாததால் ஸ்பைரல் துளை ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் தின்றுவிட்டது. ஒரு பெண் என் முன்னாலேயே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் கூட்டலா கழித்தலா?” என்று கேட்டாள். குறியீடு துளைக்குள் போயிருந்தது.

எழுதுபொருள் பக்கம் வேறு கதை. தேர்வு நாள் காலையில் மேசையில் விற்றது பேனா, ரீஃபில், அளவுகோல். அதிலும் நீலம் உடனே தீர்ந்தது. பெட்டியில் கலந்து வந்த சிவப்பும் பச்சையும் அப்படியே இருந்தன.

தாள்_மை

இந்தத் தங்கை சொன்ன ஒவ்வொன்றும் கடையில் நாள்தோறும் நடப்பது. கையெழுத்துக் குறிப்பை அச்சுக்குக் கொடுப்பதென்றால் தட்டு ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 புள்ளியில் எடுக்க வேண்டும். நோட்டின் தையலைப் பிரித்துத் தனித் தாளாக்கி எடுத்தால் நடு நிழல் வரவே வராது. துளைப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். இருபுற அச்சில் பின்பக்கத்துக்கு அந்த வெற்றிடம் வலது ஓரத்தில் வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பிரதி போட்டு, அதையும் பைண்டிங் செய்து, எழுதியவர் கையில் கொடுத்து முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகுதான் மற்றவை.

எழுதுபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது குறிப்பைப் போல ஒரே வாரத்தில் செத்துப்போகாது. ஆனால் லாபம் மிகக் குறைவு, தினமும் ஒருவர் உட்கார வேண்டும், முதல் அதில் மாட்டிக்கொள்ளும். இது ஒரு வியாபாரம், குறிப்பு வேறொரு வியாபாரம். ஒன்றில் சரக்கு அழுகும், மற்றதில் ஆள் நேரம் அழுகும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் ஒன்றின் நட்டம் மற்றதில் மறைந்துவிடும், எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது.

மழைத்துளி

அங்கே எனக்கு உடன்பாடில்லை. பேனா வாங்க வந்தவர்கள்தான் குறிப்பையும் புரட்டிப் பார்த்தார்கள். பேனா இல்லாவிட்டால் மேசைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

தாள்_மை

புரட்டியவர்கள் வாங்கினார்களா?

மழைத்துளி

சிலர் வாங்கினார்கள். எண்ணி வைக்கவில்லை.

பழைய_ஆசிரியர்

தம்பி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வேண்டிய கச்சாப்பொருள் வந்துவிட்டது. அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். படிவத்தில் குறி போட்டவர்களிடம் விலையில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். பிரதி அச்சாகாவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். வருகிற எண்ணிக்கை எதுவானாலும் அதையே கடிதத்தில் போடுங்கள். 110 என்ற எண்ணை எடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் அவரிடம் கேட்க வேண்டியது, உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியை மட்டும். மை எவ்வளவு, தாள் எவ்வளவு என்பதை இங்கே கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். ஒரு பேராசிரியருக்கு மட்டும் தெரிந்தது எது? பாடத்திட்டம் எப்போது மாறும், குறிப்பை நம்பிப் படிப்பவன் தேர்வுத்தாளில் எங்கே மாட்டிக்கொள்கிறான், ஒரு துறை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும். அதைக் கேளுங்கள். “வேண்டாம்” என்று சொல்வதற்கான வழியையும் நீங்களே திறந்து வையுங்கள். எது தெரிந்தால் இதைக் கைவிடுவீர்கள் என்று எழுதினால், அந்த ஒன்றைச் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்காது.

கடைசி_வரிசை

தோழியிடம் பேசினேன். முதலில் சிரித்தாள், பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு கேட்டாள். ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் சொல்லி எழுதிய பகுதிகளையும் அவர் காட்டிய படங்களையும் அவளே பிரித்துக் குறித்துக் கொடுத்திருக்கிறாள். 140 பக்கத்தில் ஏறக்குறைய 30 பக்கம் வருகிறது. முன்பணம் கொடுத்தவர்கள் 38 பேர்.

தாள்_மை

110 குறி, 38 காசு. முன்பணம் கேட்டால் எண்ணிக்கை இப்படித்தான் இறங்கும். 45 போடுங்கள். 270 பங்கு செலவு. 38 மட்டும் விற்றால் 380 வரும், தோழிக்கு 38 போக 72 நிற்கும். 45-உம் போனால் 135. பழைய திட்டப்படி 100 போட்டு 60 விற்றிருந்தால், தோழிக்குக் கொடுத்த பிறகு 60 பங்கு கையை விட்டுப் போயிருக்கும்.

நேர்வழி

மூன்று பேருக்கு 72 பங்கு. ஆளுக்கு இரண்டரைப் பிரதியின் விலைகூட இல்லை. இதற்குத்தானா இவ்வளவு பேச்சு?

கடைசி_வரிசை

அதையும் கடிதத்தில் சேர்த்துவிட்டேன். திருத்திய வடிவம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். இரண்டாமாண்டில் தங்களிடம் படித்தவன், இப்போது இறுதியாண்டு. ஒரு யோசனையைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கத் தங்கள் கருத்து தேவைப்படுகிறது. ஆசி கேட்டு எழுதவில்லை.
>
> இரண்டாமாண்டு மாணவர்களுக்காக, எங்கள் வகுப்புத் தோழி எழுதிய 140 பக்கக் குறிப்புகளை அவள் எழுத்துபூர்வமான ஒப்புதலுடன் அச்சிட்டு விற்க எண்ணுகிறோம். 180 பேரில் 38 பேர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். 45 பிரதிகள் அச்சிட்டால், எல்லாம் விற்றாலும் எங்கள் மூவருக்கும் கிடைப்பது சொற்பம். எழுதுபொருள்களை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்.
>
> எங்களால் விடை காண முடியாதவை இரண்டு. தங்கள் பாடத்தில் இப்படிப்பட்ட குறிப்பை மட்டும் நம்பிப் படித்தவர்கள் விடைத்தாளில் எங்கே தடுமாறினார்கள்? குறிப்பு அவர்களுக்கு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்று தாங்கள் கருதினால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இரண்டாவது, விற்பனை நடக்கும் வாரத்தில் எங்களுக்கும் இறுதித் தேர்வு. நாங்கள் கல்லூரியை விட்டுப் போன பிறகு இதை நடத்த ஆளும் இல்லை. ஒரே ஒரு பருவத்துக்காக இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா?
>
> தாங்கள் வகுப்பில் சொல்லி எழுதியவையும் தங்கள் படங்களும் இருக்கும் 30 பக்கங்களை இதில் சேர்க்கவில்லை. அவை பற்றி வேண்டுமானால் பிறகு தனியே கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்கான பதில் அதைப் பொறுத்ததாக இருக்க வேண்டியதில்லை.
>
> இரண்டு வரிப் பதிலும் போதும். வேண்டாம் என்ற ஒரு சொல்லும் போதும்.
>
> பணிவுடன்

பழைய_ஆசிரியர்

இது கடிதம். “சொற்பம்” என்ற சொல்லுக்குப் பதிலாகத் தொகையையே போடுங்கள். கணக்கை மறைத்துவிட்டுக் கருத்துக் கேட்பது மருத்துவரிடம் காய்ச்சலின் அளவைச் சொல்லாமல் மருந்து கேட்பது போல. மற்றபடி நானாக இருந்தால் அன்றே பதில் எழுதியிருப்பேன்.

வாதி_பிரதிவாதி

அனுமதியைப் பற்றிய பத்தியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். “பிறகு தனியே கேட்கிறேன்” என்பதும் ஒரு கோரிக்கைதான். இப்போது “வேண்டாம்” என்று எழுதினால் அந்தக் கோரிக்கையையும் சேர்த்து மறுத்ததாகிவிடுமோ என்று அவர் தயங்கலாம்.

பழைய_ஆசிரியர்

எடுத்துவிட்டால், குறிப்பில் தன் பாடம் இருப்பதை அவரே ஊகித்து, பையன் மறைக்கிறான் என்று நினைப்பார். சொல்லிவிடுவதே நல்லது.

வாதி_பிரதிவாதி

அந்த 30 பக்கம் இல்லாமல் மீதி 110 பக்கம் யாருக்காவது பயன்படுமா என்பதை யாரும் கேட்கவில்லை. முன்பணம் கொடுத்த 38 பேர் முழுக் குறிப்புக்குத்தானே கொடுத்தார்கள்?

கடைசி_வரிசை

அதைத்தான் இப்போது தோழியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த 30 பக்கத்தையும் தன் சொற்களில் திரும்ப எழுத முடியுமா என்று பார்க்கிறாள். படங்களை அவளே வரைந்துகொள்வதாகச் சொல்கிறாள். முடியாவிட்டால் 38 பேரிடமும் 110 பக்கம்தான் என்று சொல்லி, வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிவிடுவேன். கடிதத்தில் தொகையைச் சேர்த்துவிட்டேன், அந்தப் பத்தி அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்றிரவு அனுப்புகிறேன்.

தாள்_மை

அவள் படம் வரையும்போது பென்சில் வேண்டாம், கருப்பு மை என்று சொல்லிவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஓரமும்.